பெட்டி நம்பர் இருக்கு, பெட்டியக் காணோம்: ஸ்டோர் ரூம்ல தேடுறப்ப எங்கருந்து ஆரம்பிக்கிறது

ஹட்டன்ல எங்க கடைக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு, பத்தடி அகலம் எட்டடி ஆழம். லயத்துல இருந்து புது வீட்டுக்கு மாறுறவங்க, கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போறவங்க எல்லாம் சாமான் வச்சிட்டுப் போவாங்க, ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சு திடீர்னு போன் பண்ணி "அந்தக் கம்பளிய மட்டும் எடுத்து பஸ்ல போட்டு விடுங்க தம்பி"னு கேப்பாங்க. பெட்டிக்கு நம்பர் இருக்கும், லிஸ்ட் இருக்கும், எது எங்க இருக்குன்னு கீறின படம் கூட இருக்கும், ஆனா சாமான் கிடைக்காது. இது எனக்கு எத்தனையோ தடவை நடந்து ஒவ்வொரு தடவையும் ஒரே இடங்கள்லதான் பிழை இருந்துச்சு. அதைத்தான் எழுதுறேன், உங்க வீட்டு ஸ்டோர் ரூமுக்கும் சரியா வரும்.

முதல்ல எங்க முறை என்னன்னு சொல்லிடுறேன், இல்லாட்டி கீழ எழுதுறது விளங்காது. ஒரு பெட்டி ஒன்றரை அடி அகலம். கதவத் திறந்து உள்ள நுழைஞ்சு நின்னா இடது கைப் பக்கச் சுவரு "இ", எதிர்ச் சுவரு "எ", வலது கைப் பக்கம் "வ". இடதுலயும் வலதுலயும் கதவுல இருந்து உள்நோக்கி அஞ்சு அடுக்கு, எதிர்ச் சுவர்ல இடமிருந்து வலமா நாலு அடுக்கு, ஒவ்வொரு அடுக்குலயும் மூணு பெட்டி, தரையில இருக்குறது 1. ஆக மொத்தம் 42 பெட்டி, நடுவுல நடக்க இடம். எ-2-1 னா எதிர்ச் சுவர்ல ரெண்டாவது அடுக்குல தரையில இருக்குற பெட்டி, அவ்வளவுதான். முன்னாடி அ, ஆ, இ னு வச்சிருந்தேன், மார்க்கர் ஈரத்துல லேசா பரவினதும் அ எது ஆ எதுன்னு தெரியாமப் போச்சு, அதனாலதான் மாத்தினேன்.

பெட்டி நம்பருக்கும் இடத்துக்கும் ஒரு சம்பந்தமும் வைக்காதீங்க. நம்பர்ங்கிறது பெட்டியோட பேரு, எங்க தூக்கிப் போட்டாலும் அது மாறாது. இடம்தான் மாறும். அதனால கொப்பில நம்பரையும் உள்ள இருக்குற சாமானையும் பேனையில எழுதுங்க, இடத்த மட்டும் பென்சில்ல எழுதுங்க.

படத்துல காட்டுற இடத்துல அந்தப் பெட்டி இல்ல

அதிகமா வர்ற பிரச்சின இதுதான், அதனால இதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்றேன்.

*படத்தத் தலகீழாப் பிடிச்சிருக்கீங்களா?*
உண்மையாவே முதல்ல இதப் பாருங்க. படம் போட்டவர் வாசல்ல நின்னு போட்டிருப்பார், நீங்க உள்ள போயி கதவப் பாத்துத் திரும்பி நின்னு பாப்பீங்க, இடது வலதாயிடும். கடதாசியில கதவு இருக்குற பக்கம் உங்க வயித்துப் பக்கமா வரணும், நீங்களும் வாசல்லதான் நிக்கணும். எங்க படத்துல கதவ சிவப்புப் பேனையில கீறி "இங்க நில்லு"னு எழுதி வச்சிருக்கேன், அதுக்கப்புறம் இந்தப் பிழை வரவே இல்ல.

*ஒரு அடுக்கு தள்ளிப் பாருங்க*
பக்கத்து ரெண்டு அடுக்கையும், அதே அடுக்குல மேல கீழயும் பாருங்க. மேல இருக்குறத இறக்கி வச்சிட்டு கீழ இருக்குறத எடுத்த ஆளு திரும்ப அடுக்கும்போது வரிசை மாறும். கீழ இருந்தது மேல வந்திருக்கும்.

*கதவுல ஒட்டின தாளப் பாருங்க*
எங்க கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் இருக்கு, நூல்ல பென்சில் கட்டித் தொங்குது. யாரு எந்தப் பெட்டிய எங்கருந்து எங்க மாத்தினாலும் அங்கயே எழுதிட்டுத்தான் வெளிய வரணும்: திகதி, நம்பர், பழைய இடம், புது இடம். கொப்பி கடையில இருக்கு, அங்க போயி எழுதிக்கலாம்னு நினைச்சா கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மறந்துடும். மாசக் கடைசியில தாள்ல இருக்குறதப் பாத்து கொப்பில பென்சில அழிச்சு மாத்திடுவேன்.

*அந்த இடத்துல இப்ப எந்தப் பெட்டி உக்காந்திருக்கு?*
தாள்லயும் இல்லாட்டி உடனே எல்லாத்தையும் இழுத்து வெளிய போடாதீங்க. அந்த இடத்துல இருக்குற வேற பெட்டியோட நம்பரப் பாருங்க, லிஸ்ட்ல அது எங்க இருக்கணும்னு பாருங்க, அந்த இடத்துக்குப் போங்க. பெரும்பாலும் ரெண்டும் இடம் மாறித்தான் இருக்கும், இல்லாட்டி மூணு பெட்டி சுத்தி மாறியிருக்கும்.

ஒரு தடவை நடந்தத சொல்றேன். தலவாக்கல பக்கம் ஒரு தோட்டத்து அக்கா, இப்ப கொழும்புல வேலை, அம்மாவோட லயத்து வீட்டுச் சாமானெல்லாம் பதினாலு மாசமா எங்ககிட்ட இருந்துச்சு. ஒரு நாள் போன் பண்ணி அப்பாவோட பிரஜாவுரிமை சான்றிதழ் வேணும்னாங்க. மலையகத்து ஆளுங்களுக்கு அந்தக் கடதாசி என்னன்னு சொல்லத் தேவையில்ல, 1948 சட்டத்தால நாடில்லாமப் போயி அதுக்கப்புறம் மனுப் போட்டு வாங்கின கடதாசி, அதப் பொலித்தீன்ல சுத்தி பிஸ்கட் டின்ல வச்சுப் பாதுகாத்த குடும்பங்கள்தான் நாங்க எல்லாரும். லிஸ்ட்ல தெளிவா இருந்துச்சு: பெட்டி 17, பிஸ்கட் டின், கடதாசிகள், இடம் எ-2-1.

போயிப் பாத்தா எ-2-1 ல 31 ஆம் நம்பர் பிளாஸ்டிக் பெட்டி இருக்கு. பக்கத்து அடுக்குலயும் 17 இல்ல, கதவுத் தாள்லயும் 17 ன்னு ஒரு எழுத்தும் இல்ல. சரி, 31 எங்க இருக்கணும்னு பாத்தேன், வ-5-3, அதாவது வலது பக்கம் உள் மூலையில மேல. அங்க போனா நம்பரே இல்லாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி. திறந்தா மேலயே அந்த நீல நிற பிஸ்கட் டின்.

என்ன நடந்துச்சுன்னா ஜூலை மாச மழையில பின்சுவர் பக்கம் கூரை ஒழுகி இருக்கு. 17 காட்போட் பெட்டி, தரையில இருந்துச்சு, அடி நனைஞ்சு ஊறிப்போச்சு. தம்பி அதப் பாத்துட்டு உள்ள இருந்ததெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாத்தி, நனையாத இடமா மேல மூலையில வச்சிட்டான், அங்க இருந்த 31 அலுமினியச் சட்டிப் பானைங்கிறதால தண்ணி பட்டாலும் பரவால்லன்னு கீழ வச்சிருக்கான். அவன் செஞ்சது அவ்வளவும் சரி, அவன் மட்டும் அன்னைக்குப் பாக்காம விட்டிருந்தா சான்றிதழ் போயிருக்கும். புதுப் பெட்டியில 17 ன்னு எழுதாததும் தாள்ல ஒரு வரி போடாததும்தான் குறை. பழைய காட்போட்டோட சேர்த்து நம்பரும் குப்பைக்குப் போயிடுச்சு.

*எண்ணுங்க*
பெட்டியப் பின்தொடர்ந்தும் கிடைக்கலன்னா மொத்தமா எண்ணுங்க, ரெண்டு எண்ணிக்கை: மொத்தம் எத்தன பெட்டி, அதுல நம்பர் இருக்குறது எத்தன. அன்னைக்கு எண்ணியிருந்தா மொத்தம் 42, நம்பர் இருக்குறது 41 ன்னு வந்திருக்கும், அப்ப காணாமப் போன பெட்டி ரூமுக்குள்ளதான் இருக்கு, பேரில்லாம இருக்குன்னு அர்த்தம். மொத்தமே குறைஞ்சா பெட்டி வெளிய போயிருக்கு. எண்ணுறதுக்கு ஒரு பெட்டியும் தூக்க வேண்டியதில்ல.

*எல்லாத்தையும் இறக்குறது*
இது கடைசி வழி, ரெண்டு பேருக்கு அரை நாள் போயிடும். மழை இல்லாத நாளாப் பாத்துச் செய்யுங்க. இறக்குற ஒழுங்குல ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டே இறக்குங்க, திரும்ப வைக்கும்போது புதுப் படம் போடுங்க, பழையதத் திருத்திக்கிட்டு இருக்காதீங்க.

*இதுக்கு மேல யாரக் கூப்பிடுறது*
மொத்த எண்ணிக்கை குறைஞ்சு, வீட்டு ஆளுங்க யாரும் எடுக்கலன்னு உறுதியாத் தெரிஞ்சு, பூட்டுலயும் கீறல் இருந்தா எது மேலயும் கை வைக்காம ரூம் சொந்தக்காரர்கிட்ட சொல்லிட்டு பொலிஸ்ல முறைப்பாடு போடுங்க. அப்ப உங்க கொப்பிதான் என்ன போச்சுன்னு சொல்ற ஒரே அத்தாட்சி, அதனால கொப்பிய ரூமுக்குள்ள வைக்கவே கூடாது.

பெட்டி கிடைச்சுது, உள்ள அந்தச் சாமான் இல்ல

*லிஸ்ட்ல என்ன எழுதியிருக்கீங்கன்னு திரும்ப வாசிங்க.* "சமையலறைச் சாமான்", "சில்லறை"னு எழுதின பெட்டில எது இருக்கும்னு எழுதின ஆளுக்கே மூணு மாசத்துல மறந்துடும். நான் இப்ப அள்ளிப் போட்டு மூடுறதுக்கு முன்னாடி பெட்டில இருக்குறதுல பிறகு தேடக்கூடிய அஞ்சு சாமான மட்டும் பேர் சொல்லி எழுதுறேன். டம்ளர் எத்தனன்னு யாரும் தேட மாட்டாங்க, ஆட்டுக்கல்லு குழவி, இடியப்ப உரல், தையல் மெஷின் பெல்ட்டு, இதுகளத் தேடுவாங்க. மூடுறதுக்கு முன்னாடி மேலருந்து ஒரு போட்டோ எடுத்து வச்சிக்குங்க, போட்டோவுல பெட்டி நம்பர் எழுதின துண்டும் தெரியணும், இல்லாட்டி பிறகு அது எந்தப் பெட்டியோட போட்டோன்னே தெரியாது.

*வேற பேர்ல தேடிப் பாருங்க.* போன்ல லிஸ்ட் வச்சிருக்குறவங்களுக்கு இது பெரிய பிரச்சின. அம்மா "கம்பளி"ன்னு சொல்லி எழுதியிருப்பாங்க, நீங்க "போர்வை"ன்னு தேடுவீங்க, தங்கச்சி "பிளாங்கட்"னு போட்டிருப்பா, ஒண்ணுமே வராது. சாமானுக்குப் பக்கத்துல "வேற பேரு"ன்னு ஒரு கொலம் போட்டு வீட்டுல சொல்ற எல்லாப் பேரையும் போட்டுடுங்க.

*ஒரே நம்பர்ல ரெண்டு பெட்டி இருக்கா?* ரெண்டு பேர் ஒரே நாள்ல பெக் பண்ணினா ரெண்டு பேருமே 1 ல இருந்து ஆரம்பிச்சிருப்பாங்க. அப்படி இருந்தா ரெண்டாவது ஆளோட பெட்டி எல்லாத்துக்கும் அடுத்த காலியான நம்பர்ல இருந்து புதுசாப் போடுங்க. 12அ, 12ஆ ன்னு பிரிக்க வேணாம், அது ஒரு நாளைக்கு ஒரே பெட்டி மாதிரி வாசிக்கப்படும்.

*லிஸ்ட்டே குழம்பியிருக்கா?* ஒரு பெட்டில இல்ல, திறக்குற ரெண்டு மூணு பெட்டிலயும் லிஸ்ட்டுக்குச் சம்பந்தமில்லாத சாமான் இருந்தா பெட்டியத் தேடுறத நிப்பாட்டிட்டு லிஸ்டப் பாருங்க. கூகிள் ஷீட்ல யாரோ நம்பர் கொலத்த மட்டும் தெரிவு பண்ணி வரிசைப்படுத்தியிருப்பாங்க, நம்பர் ஒழுங்கா வந்திருக்கும், பக்கத்துல இருக்குற சாமான் பேரு அப்படியே நின்னிருக்கும், பாத்தா எந்தப் பிழையும் தெரியாது. கம்பியூட்டர்ல திறந்து `File > Version history > See version history` போயி குழம்புறதுக்கு முந்தின திகதிக்குத் திரும்பலாம். இதுக்காகத்தான் எனக்குக் கையெழுத்துக் கொப்பி மேல நம்பிக்கை, கொப்பியில யாரும் ஒரு கொலத்த மட்டும் உருவி எடுக்க முடியாது.

நம்பர் தெரியல, லேபல் கழண்டுடுச்சு

நம்ம ஊர்ல மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழையும் மூடுபனியும், ஒக்டோபர் நவம்பர்ல பின்னேர இடிமழை. அந்தக் காலத்துல மாஸ்கிங் டேப் கழண்டு விழுந்துடும், சாதாரண பேனை மை பரவிடும்.

முதல்ல பெட்டிக்குக் கீழயும் பின்னாலயும் கையை விட்டுப் பாருங்க, விழுந்த லேபல் பெரும்பாலும் அதே அடுக்குக்குள்ளதான் கிடக்கும். ஆனா தரையில கிடக்குறத எடுத்து கிட்ட இருக்குற பெட்டியில அப்படியே ஒட்டிடாதீங்க, திறந்து சாமானப் பாத்து லிஸ்ட்டோட ஒத்துப் பாத்துட்டு ஒட்டுங்க. லேபலே கிடைக்காட்டி உள்ள இருக்குற துண்டப் பாருங்க: நான் ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் மேலாக சின்னப் பொலித்தீன் உறையில நம்பர் எழுதின ஒரு துண்டு போட்டுடுவேன், வெளிய அழிஞ்சாலும் உள்ள இருக்கும், பெட்டி மாத்தினாலும் சாமானோட சேந்து போகும். 17 ல இது இருந்திருந்தா தம்பி மறந்ததுகூட பிரச்சினையே இல்ல. அந்தத் துண்டு போடுற பழக்கம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

புதுசா எழுதுறதுன்னா அழியாத மார்க்கர்ல பெட்டி மேலயே எழுதுங்க, ஸ்டிக்கர்ல வேணாம். மூடியில மட்டும் எழுதினா மேல இன்னொரு பெட்டி வந்ததும் மறைஞ்சிடும், மூடி மாறினா நம்பரும் மாறிடும், அதனால பக்கத்துப் பக்கமா இருக்குற ரெண்டு பக்கத்துலயும் எழுதணும். ரெண்டு இலக்கமா எழுதுங்க, 6 ன்னா 06. தனி 6 தலகீழானா 9 ஆயிடும், 06 தலகீழானா 90 ன்னு வரும், அப்படி ஒரு பெட்டியே இல்லன்னு உடனே தெரிஞ்சிடும்.

மொத்த ரூமும் பேரில்லாம இருந்தா, எழுதின ஆளும் இல்லாட்டி, பழசக் கண்டுபிடிக்கப் பாக்காதீங்க. 101 ல இருந்து புது நம்பர் போட்டு ஒவ்வொரு பெட்டியாத் திறந்து எழுதுங்க. பழைய எண் எதுவும் இதோட மோதாது.

அடுக்கு சாஞ்சிருக்கு, பெட்டி அடி ஊறியிருக்கு

இந்த நிலைமையில படம் பிழையாகுறது ரெண்டாவது பிரச்சினதான், இன்னைக்கு சாயிற பெட்டி நாளைக்கு உள்ள இருக்குறதயும் கெடுக்கும்.

கைய வச்சுப் பாருங்க. பெட்டியோட அடி மட்டும் ஈரம், சுவரு காய்ஞ்சிருக்குன்னா சீமெந்துத் தரையில இருந்து ஏறுற ஈரம்: பலகை, பழைய பலட், செங்கல் மேல போட்ட தட்டு எதுவாவது வச்சு நாலு விரல் உயர்த்தினாப் போதும். பெட்டியோட பின்பக்கம் ஈரம்னா சுவர ஒட்டி வச்சிருக்கீங்க, ஒரு சாண் இல்லாட்டியும் நாலு விரல் இடைவெளி விடுங்க. மேல் பெட்டியோட மூடில வட்டமாக் கறை இருந்தா கூரை, அதுக்கு நேரா மேல டோர்ச் அடிச்சுத் தகரத்துல ஆணி ஓட்டையைப் பாருங்க. பழைய தேயிலப் பெட்டி, அந்தப் பலகைப் பெட்டிய இன்னும் சாமான் போட வச்சிருக்குறவங்க அடிப்பலகையத் தட்டிப் பாருங்க, பொத்துன்னு சத்தம் வந்து மண் கோடு தெரிஞ்சா கறையான்.

கடதாசி நனைஞ்சிருந்தா ஒட்டியிருக்குற தாள்களப் பிரிச்சு இழுக்காதீங்க, மை உரிஞ்சு மத்தத்துல ஒட்டிக்கும். அக்காவோட சான்றிதழ் ஒரு ரசீது மேல லேசா ஒட்டியிருந்துச்சு. ரெண்டையும் சேத்தே வெள்ளைத் தாளுக்கு நடுவுல வச்சு, தாள மாத்தி மாத்தி, ஃபேன் காத்துல நிழல்லயே காய விட்டோம், மூணாவது நாள் அதுவாப் பிரிஞ்சுச்சு, முத்திரையும் பேரும் நல்லாவே வாசிக்க முடிஞ்சுது. ரெண்டு நாளுக்குள்ள காய வைக்க வழியில்லாட்டி பொலித்தீன்ல மூடி ஃபிரிட்ஜோட உறைய வைக்கிற பகுதியில வச்சிடுங்க, பூஞ்சணம் பிடிக்காது, பிறகு ஆறுதலா எடுத்துக் காய வைக்கலாம். பிறப்புச் சான்றிதழ் கெட்டுப்போனா பிரதேச செயலகத்துல பிரதி எடுக்கலாம், தாத்தா காலத்துக் கடதாசிங்களுக்கு அப்படி நினைச்ச உடனே வழி கிடைக்காது, அதனால அதுகள ஸ்டோர் ரூமுக்கே கொண்டு வராதீங்கன்னு நான் இப்ப எல்லாருக்கும் சொல்லி அனுப்புறேன்.

கூரைல ஒரு ஆணி ஓட்டைனா நீங்களே அடைக்கலாம், தகரம் துருப்பிடிச்சு நீளமாக் கிழிஞ்சிருந்தா கூரை வேலை தெரிஞ்ச பாஸ் ஒருத்தரக் கூப்பிடுங்க, ஈரத் தகரத்துல நீங்க ஏறாதீங்க. கறையான் ஒரு பெட்டில இருந்தா அதத் தூக்கி வெளிய எரிச்சிடலாம், சுவர்ல மண் கோடு ஏறியிருந்தா மருந்தடிக்கிற ஆளுங்க வரணும்.

பின்சுவரு மலைய ஒட்டி இருக்குற ரூம்னா இன்னொண்ணு பாக்கணும். சுவர்ல புதுசா வெடிப்பு, முன்னாடி இல்லாத இடத்துல ஊத்து, அதுவும் கலங்கின தண்ணி, மேல இருக்குற மரமோ போஸ்டோ சாஞ்சிருக்கு, இப்படி எதுவும் தெரிஞ்சா சாமான் எடுக்க உள்ள போகாதீங்க, ஆளுங்கள வெளிய எடுத்துட்டு கிராம சேவகருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் சொல்லுங்க, நம்பர் 117. மண்சரிவ வந்து பாக்குறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அவங்க பாத்து இருக்கலாம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் ஒரு பெட்டியாவது எடுக்கணும். கொப்பி கடையில இருக்குறதால உள்ள என்ன இருக்குன்னு வெளிய நின்னே சொல்லலாம், அக்காவோட பிஸ்கட் டின் மாதிரி எது முதல்ல வரணும், எந்த இடத்துல இருக்குன்னும் சொல்லலாம்.